தம்ப்நெயிலில் தமிழ் எழுத்து, சின்ன அளவிலும் படிக்கும்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்ல செய்யும்போது எழுத்து பெருசாத்தான் தெரியுது. யூடியூப்ல போட்டதும் மசமசன்னு ஆயிடுது. எவ்வளவு பெருசா வைக்கணும் அண்ணா?

நீங்கள் வேலை செய்யும் படம் 1280க்கு 720 பிக்சல். கணினியில் ஒரு வீடியோ ஓடும்போது பக்கத்தில் வரிசையாக வருமே, அந்தப் பட்டியலில் நெடுநாளாகப் புழங்கும் அளவு 168க்கு 94. இப்போது திரைக்குத் திரை இது மாறுகிறது. ஆனாலும் சோதித்துப் பார்க்க இதைவிடக் கறாரான அளவு வேண்டியதில்லை. அதாவது உங்கள் படம் ஏழரை மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்குகிறது.

கொம்பு, கால், கொக்கி எதுவும் இல்லாத ‘ப’ எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அதன் உயரம் 60 பிக்சல் என்றால் பட்டியலில் அது 8 பிக்சல். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றரை பிக்சலுக்கு வந்துவிடும். ஒன்றரைப் பிக்சல் புள்ளி வெள்ளையாகவும் தெரியாது, கறுப்பாகவும் தெரியாது. பின்னணியோடு கலந்து சாம்பலாகிவிடும். அதே ‘ப’ 150 பிக்சல் உயரம் இருந்தால் பட்டியலில் 20 பிக்சல் வரும், கோடு மூன்று பிக்சல், புள்ளி நான்கு பிக்சல். இது படிக்கக்கூடிய அளவு.

நான் பிடித்துக்கொள்ளும் கணக்கு இதுதான்: எழுத்தில் இருக்கும் மிகச் சிறிய பாகம் பெரிய படத்தில் 15 பிக்சலுக்குக் குறையக் கூடாது. அப்போதுதான் சுருங்கிய பிறகு இரண்டு பிக்சலாவது மிஞ்சும். சிறிய பாகம் என்றால் கோட்டின் தடிமன், புள்ளி, சுழிக்கு உள்ளே இருக்கும் ஓட்டை. கோட்டை எல்லாரும் பார்க்கிறார்கள், ஓட்டையைத்தான் மறந்துவிடுகிறார்கள். ‘ண’வின் சுழிகள் அடைபட்டுவிட்டால் அங்கே ஒரு கறை மட்டும் இருக்கும்.

செயலியில் காட்டும் ஃபாண்ட் சைஸ் எண்ணை நம்ப வேண்டாம். ஒரே 200 வைத்தாலும் ஒரு ஃபாண்டில் ‘ப’ உயரமாக வரும், இன்னொன்றில் குள்ளமாக வரும். ‘ப’வைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்து அதன் உயரத்தைப் பாருங்கள்.

போனில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் இவ்வளவு மோசமாகாதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், முகப்புப் பக்கத்தில் படம் திரை அகலத்துக்கு வரும்போது சிக்கலே இல்லை. ஆனால் சிறிய பட்டியலில் அதே படம் இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே பிக்சல் போதும், நம் கண்தான் போதாது. கணக்கு ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

எத்தனை வார்த்தை வைக்கலாம்? மூணுதான்னு எல்லாரும் சொல்றாங்களே?

அந்த மூன்று வார்த்தைக் கணக்கு ஆங்கிலத்துக்குச் சொன்னது. நம்மிடம் ‘கவனிக்கவேண்டியவை’ என்பது ஒரே வார்த்தையாகவே நின்றுவிடும். அதனால் வார்த்தையை எண்ணாமல் அகலத்தை எண்ணுங்கள். ‘ப’ 150 முதல் 170 பிக்சல் உயரம் என்றால் ஒரு வரியில் ஏறக்குறைய ஏழு எழுத்துதான் பிடிக்கும். கொம்பு, கால் எல்லாம் தனி எழுத்தாகவே இடத்தை எடுத்துக்கொள்ளும். ‘ண’ வந்தால் இரண்டு ‘ப’வுக்கான இடம் போய்விடும்.

ஒன்றை முழுதாகச் செய்து பார்ப்போம். சேலத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் முதன்முதலாகக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு வீடியோ. சேனல்காரர் கொடுத்த வாசகம்: ‘ஏற்காடு மலைப்பாதையில் கார் ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை’. இதை மூன்று வரியாக மடித்து, ஓரமெல்லாம் நிரப்பினாலும் ‘ப’ 70 பிக்சலைத் தாண்டாது. பட்டியலில் 9 பிக்சல். படிக்க முடியாது.

‘ஏற்காடு’ என்பதும் ‘கார்’ என்பதும் வீடியோவின் தலைப்பிலேயே இருக்கின்றன. தலைப்பு எப்போதும் படத்தை ஒட்டியே வரும், அதன் எழுத்து படத்தோடு சுருங்குவதும் இல்லை. ஆகவே இரண்டையும் எடுத்துவிடலாம். மலைப்பாதை என்பதைப் படமே காட்டுகிறது. மிச்சம் ‘கவனிக்க வேண்டியவை’. இது பத்திரப்பதிவு வீடியோவுக்கும் பொருந்தும், கோழிக்குழம்பு வீடியோவுக்கும் பொருந்தும். அதுவும் வேண்டாம்.

அப்படியானால் படத்தால் சொல்ல முடியாதது எது? ஒரு போட்டோவில் ஒரு வளைவைத்தான் காட்ட முடியும். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பதை எழுத்துதான் சொல்ல வேண்டும். ‘20 கொண்டை ஊசி வளைவுகள்’ இன்னும் நீளம். கொண்டை ஊசி வடிவத்தைப் படம் காட்டிவிடுகிறது, அதனால் அந்த இரண்டு சொல்லும் போகட்டும். பேச்சில் நாம் ‘இருபது வளைவு’ என்றுதான் சொல்கிறோம், ‘வளைவுகள்’ என்று இழுப்பதில்லை. ‘கள்’ போனால் அதன் புள்ளியும் சேர்ந்து போகிறது. நிற்பது ‘20 வளைவு’.

இனி இடம் தாராளம். ‘20’ஐ 300 பிக்சல் உயரத்தில் இடது மேல் பக்கம் வைத்தேன். அதன் கீழே ‘வளைவு’, எழுத்து உயரம் 160. சுருங்கிய பிறகு எண் 39 பிக்சல், சொல் 21 பிக்சல். வலது மேல் பக்கம் முழுவதும் சாலை வளைவுக்கும் காருக்கும் கிடைத்தது. ‘வளைவு’ ஏறக்குறைய 800 பிக்சல் அகலம் எடுத்தாலும் வலது கீழ் மூலை காலியாகவே இருந்தது. அது ஏன் காலியாக இருக்க வேண்டும் என்பதற்குக் கீழே வருகிறேன்.

சில வார்த்தை எவ்வளவு பெருசா வச்சாலும் படிக்க முடியல. ஏன்?

எழுத்துக்கு எழுத்து தாங்கும் சக்தி வேறு. ப, ட, ம, ய, வ எல்லாம் எவ்வளவு சுருக்கினாலும் பெரும்பாலும் தப்பிக்கும். ண, ஞ, ஐ, இ, ழ ஆகியவற்றில் சுழியோ வளைவோ அதிகம், இவைதான் முதலில் கலங்கும். ‘எண்ணெய்’ என்ற சொல்லைச் சின்னதாக்கிப் பாருங்கள், கோடு கோடாக ஏதோ தெரியும். சமையல் சேனல்காரர்களுக்கு இது தீராத தலைவலி. என்ன செய்யலாம் என்றால், எண்ணெய்ச் சட்டியைக் காட்டிவிட்டு ‘2 லிட்டர்?’ என்று எழுதலாம். ‘கட்டணம்’ என்பதற்குப் பதில் ‘விலை’ அல்லது நேரடியாக ‘₹80’. மாம்பழ சீசனில் ‘மல்கோவா கிலோ எவ்வளவு’ என்பதைவிட ஒரு பெரிய எண் போதும், பழம் படத்தில் இருக்கிறது.

இன்னொரு வகை ஆபத்து, சுருங்கினால் வேறு சொல்லாகிவிடுபவை. எ, ஏ இரண்டுக்கும் கீழே ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். ஒ, ஓ இரண்டுக்கும் ஒரு சுழிதான். ‘ஏரி’ சின்ன அளவில் ‘எரி’ ஆகும், ‘ஓட்டு’ போய் ‘ஒட்டு’ ஆகும். ‘ஏற்காடு ஏரி’ என்று சேர்ந்து வந்தால் படிப்பவர் சரிசெய்துகொள்வார். தனியாக ‘ஏரி’ என்று மட்டும் பெரிதாகப் போட்டால் ஒரு கணம் தடுமாறுவார். பட்டியலில் விரல் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு கணம்கூடக் கிடைக்காது.

இரண்டு வரி வைக்கிறீர்கள் என்றால் வரிசையையும் யோசியுங்கள். மேல் வரியில் ‘கு’, ‘து’, ‘ரு’ மாதிரி கீழே இறங்கும் எழுத்தும், அதற்கு நேர் கீழே ‘கி’யோ புள்ளி வைத்த எழுத்தோ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியைக் கூட்டினால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கும். சொற்களை மாற்றிப் போட்டால் பல நேரம் இடிக்காமல் அமைந்துவிடும். ஆங்கில தம்ப்நெயிலைப் பார்த்து வரிகளை நெருக்கி ஒட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தின் கேப்பிட்டல் எழுத்துகளில் மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

எந்த ஃபாண்ட் நல்லது?

தமிழுக்கென்றே தடித்த வடிவம் வரைந்த ஃபாண்டாக இருக்க வேண்டும். கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்த மலர், பாலூ தம்பி 2, காட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ், அனெக் தமிழ் ஆகியவற்றுக்கு நல்ல தடிமன் உண்டு. நான் அதிகம் எடுப்பது முக்த மலரில் தடிமன் எண் 700 அல்லது 800. பாலூ தம்பி உருண்டையாகச் சிரித்த முகமாக இருக்கும், பலகாரத்துக்குப் பொருந்தும், விபத்துச் செய்திக்குப் பொருந்தாது.

மிகத் தடித்ததே மிக நன்றாகத் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். நோட்டோவில் 900 வரை போகலாம். ஆனால் கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் ஓட்டை குறுகும். ‘ண’ இருக்கும் சொல்லுக்கு 700 போதும், ‘பட்டம்’ மாதிரி சொல்லுக்கு 900 தாங்கும். அனெக் தமிழில் அகலத்தையும் குறைக்கலாம். நீளமான சொல்லை வரிக்குள் அடக்க அது உதவும், ஆனால் அங்கேயும் விலை அந்த ஓட்டைதான்.

ஒரு பொறி இருக்கிறது. ஆங்கில தம்ப்நெயில்களில் பார்த்த இம்பாக்ட், பேபாஸ் மாதிரி ஃபாண்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் அடிப்பார்கள். அதில் தமிழ் எழுத்தே இல்லை. செயலி சத்தம் போடாமல் வேறு ஏதோ தமிழ் ஃபாண்டைக் கொண்டு வந்து வைக்கும். மெலிதாக இருக்கிறதே என்று போல்ட் பொத்தானை அழுத்தினால், உள்ள கோட்டையே எல்லாப் பக்கமும் ஊதிப் பெருக்கும். சுழிகள் அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டும். ஃபாண்டை மாற்றிப் பார்த்தும் தமிழ் எழுத்தின் உருவம் மாறவில்லை என்றால் இதுதான் நடக்கிறது.

ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ அடித்தால் கொம்பு இடம் மாறி விழுந்தால் ஃபாண்ட் கெட்டதில்லை. டைப் அமைப்பில் World-Ready Layout தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்யுங்கள். ஃபிளெக்ஸ் கடைகளில் புழங்கும் பழைய பாமினி வகை ஃபாண்ட்களையும் படத்துக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம், படமான பிறகு அது வெறும் பிக்சல்தானே. தலைப்பை மட்டும் யூனிகோடில் அடியுங்கள்.

அவுட்லைன் போட்டா தெளிவா தெரியும்னு சொன்னாங்க. எனக்கு இன்னும் மோசமாகுது.

வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு அவுட்லைன் என்றால், அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். எழுத்தின் விளிம்புக்கு நடுவில் வைத்தால் 20 பிக்சல் அவுட்லைனில் 10 பிக்சல் உள்ளே போய் வெள்ளைக் கோட்டைத் தின்றுவிடும். கோட்டின் இரண்டு பக்கமும் இப்படித் தின்பதால் 30 பிக்சல் கோடு 10 ஆகிவிடும். வெளிப்பக்கம் என்று மாற்றினால் வெள்ளை அப்படியே நிற்கும். சுழிக்குள் கறுப்பு நிறையும்தான், ஆனால் அங்கே நமக்கு வேண்டியதும் கறுப்புதானே. சில போன் செயலிகளில் பக்கம் மாற்ற வழி இருக்காது. அங்கே ஒரே எழுத்தை இரண்டு அடுக்காக வையுங்கள், கீழ் அடுக்குக்குத் தடித்த கறுப்பு அவுட்லைன், மேல் அடுக்குக்கு எதுவும் வேண்டாம்.

நிழல் வேறு விஷயம். மங்கலாகப் பரவும் மெல்லிய நிழல் 168 பிக்சலில் எழுத்தைச் சுற்றி அழுக்காகத்தான் தெரியும். என் கருத்தில் வேண்டவே வேண்டாம்.

ஏற்காட்டுப் பனியில எடுத்த போட்டோ. வெள்ளை எழுத்து போட்டா காணாமப் போகுது, சிவப்பு போட்டா கண்ணை உறுத்துது. என்ன கலர்?

பனிமூட்டம் என்பது ஏறக்குறைய #D9D9D9 என்ற வெளிர் சாம்பல். அதன்மேல் வெள்ளையின் ஒளி வேறுபாடு 1.4க்கு 1 தான். இணையப் பக்கங்களில் பெரிய எழுத்துக்கே குறைந்தது 3க்கு 1 வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். அதே பனியின் மேல் கறுப்பு வைத்தால் 15க்கு 1 வருகிறது. ஆகவே பனிப் படத்துக்குக் கறுப்பு அல்லது மிக அடர்ந்த பச்சை எழுத்து, அவுட்லைன்கூடத் தேவையில்லை. எல்லா தம்ப்நெயிலிலும் மஞ்சள் எழுத்து, கறுப்பு அவுட்லைன் என்று ஒரே அச்சாகப் போவதால் பனிப்படத்தில் கறுப்பு எழுத்து தனியாகவும் தெரியும்.

காப்பித் தோட்ட வீடியோக்களில் இதற்கு நேர் எதிரான சிக்கல். பச்சை இலைமேல் சிவப்புப் பழம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கிறதே, எழுத்தையும் அப்படியே சிவப்பில் வைக்கலாம் என்று தோன்றும். நிறம்தான் வேறு, வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். சுத்தச் சிவப்பும் (#FF0000) நடுத்தரப் பச்சையும் (#008000) 1.3க்கு 1 தான் வேறுபடுகின்றன. ஜேபெக் சுருக்கத்தில் வெளிச்ச விவரம் முழுதாக இருக்கும், நிற விவரம் மட்டும் பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைக்கப்படும். நிறத்தால் மட்டுமே பிரிந்து நிற்கும் எழுத்தின் ஓரம் அதனால்தான் கசிந்தது மாதிரி ஆகிறது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தெரிந்தால் நிறம் சரி.

செவ்வாப்பேட்டையில கொலுசுக் கடை. வெள்ளிக் கொலுசு படத்து மேல எந்தக் கலர் எழுத்தும் நிக்க மாட்டேங்குது.

நிறத்தை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. கொலுசில் ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளை மினுக்கு, ஒரு கறுப்பு நிழல். எந்த நிறம் வைத்தாலும் அதில் பாதியோடு ஒட்டிவிடும். போதாததற்கு அந்த முத்துகளும் உங்கள் எழுத்தின் புள்ளியும் ஒரே அளவில் இருக்கின்றன. தட்டுவடை செட்டுக்கும் இதே கதை. கேரட், பீட்ரூட், வெங்காயம், மல்லித்தழை எல்லாம் துருவல் துருவலாக எழுத்துக் கோட்டின் தடிமனிலேயே கிடக்கும்.

எழுத்தைப் பொருள்மேல் வைக்காதீர்கள். படம் எடுக்கும்போதே ஒரு பக்கம் காலி விட்டு எடுங்கள். கொலுசை அடர்ந்த மெரூன் அல்லது கருநீல வெல்வெட் துணியில் வலது பாதியில் வைத்தால் இடது பாதி எழுத்துக்கு. ஏற்கெனவே எடுத்த படம் என்றால் எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறத்தில் பட்டை ஒன்று போடுங்கள், பாதி ஊடுருவித் தெரியும் பட்டை வேண்டாம். கொலுசு பத்து ஜோடி காட்டுவதைவிட ஒரு ஜோடியை நெருக்கமாகக் காட்டினால், சுருங்கிய பிறகும் அது கொலுசு என்று தெரியும்.

வீடியோ நேரம் வந்து எழுத்தை மறைக்குது.

அந்த நேரப் பெட்டி வலது கீழ் மூலையில் உட்காரும், படம் சுருங்கும் அளவுக்கு அது சுருங்காது. அதனால் சின்னப் படத்தில் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். 1280 படத்தில் வலது கீழே 300க்கு 160 பிக்சலை விட்டுவிடுங்கள். முன்பே பாதி பார்த்தவர்களுக்கு அடியோரத்தில் சிவப்புக் கோடும் வரும், ‘வு’வின் வால் அதில் படாமல் கொஞ்சம் மேலே தூக்குங்கள்.

இங்கிலீஷ்லயே எழுதிடலாமா?

எண்ணும், ‘AC’ மாதிரி இரண்டெழுத்துச் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருந்தால் தவறில்லை. ‘YERCAUD’ என்று போடுவதால் இடம் மிச்சமாகாது, ‘ஏற்காடு’ எடுக்கும் அகலத்தைத்தான் அதுவும் எடுக்கும். தமிழ் பேசும் வீடியோ என்று ஒரே பார்வையில் தெரிவது தமிழ் எழுத்தால்தான்.

அப்லோட் பண்றதுக்கு முன்னாடி எப்படிச் சோதிக்கறது?

போனில் என்றால் படத்தை கேலரியில் திறக்காமல், கேலரியின் சின்னக் கட்டங்களிலேயே பாருங்கள். வாசகம் என்னவென்று தெரியாத ஒருவரிடம் கையை நீட்டிக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படிப்பது கணக்கில் சேராது, உங்களுக்கு அது மனப்பாடம். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் சின்ன அளவு, கறுப்பு வெள்ளை இரண்டையும் ஒரே வரியில் சோதித்துவிடலாம்:

```
magick thumb.png -resize 168x94 -colorspace Gray -quality 75 check.jpg
```

வரும் படத்தைப் பெரிதாக்காமல், அதே அளவில் பாருங்கள். ஏற்றிய பிறகு யூடியூப் தன் பக்கம் சுருக்கி வைத்திருப்பதையும் பார்க்கலாம். VIDEO_ID இருக்கும் இடத்தில் உங்கள் வீடியோவின் குறியீட்டை வைத்தால் 320க்கு 180 அளவுப் படம் திறக்கும்:

```
https://i.ytimg.com/vi/VIDEO_ID/mqdefault.jpg
```

நீங்கள் ஏற்றியதைவிட இதில் எழுத்தோரம் கலங்கியிருந்தால் பெரும்பாலும் நிறச் சேர்க்கைதான் காரணம், மேலே சொன்ன சிவப்பு பச்சைக் கதை.

ரெண்டு தம்ப்நெயில் செஞ்சிருக்கேன். எது நல்லதுன்னு யூடியூபே சொல்லுமா?

கணினியில் யூடியூப் ஸ்டுடியோவில் தம்ப்நெயில்களை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதி உங்கள் சேனலுக்கு வந்திருந்தால் மூன்று படம் வரை ஏற்றலாம். அது வெறும் கிளிக்கை எண்ணுவதில்லை, எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்று ஒப்பிடும். பார்வை குறைவான சேனலில் இரண்டு வாரம் ஓடியும் முடிவு தெளியாமல் போகலாம். சோதிக்கும்போது எழுத்தை மட்டும் மாற்றுங்கள், போட்டோவையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. ‘20 வளைவு’ ஒரு பக்கம், அதே படத்தில் ‘எந்த கியர்?’ இன்னொரு பக்கம் என்பது மாதிரி. இரண்டுமே 168 பிக்சல் சோதனையில் தேறியவையாக இருக்கட்டும்.